ஒரே மரணம், நான்கு தொகை: பழைய தீர்ப்பை நீதிமன்றம் ஏன் பின்பற்றுகிறது?

முப்பது வயதுத் தச்சர் ஒருவர். சொந்தமாகப் பட்டறை வைத்து மாதம் 15,000 ரூபாய் சம்பாதித்தவர். லாரி மோதி இறந்துவிடுகிறார். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் வயதான தாயும் அவருடைய வருமானத்தை நம்பி இருந்தவர்கள். லாரி ஓட்டுநரின் கவனக்குறைவுதான் விபத்துக்குக் காரணம் என்பதிலும் சந்தேகம் இல்லை. இந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு இழப்பீடு தர வேண்டும்?

இது கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட கற்பனைக் குடும்பம். கேள்வி கற்பனை அல்ல. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்களில் எம்.சி.ஓ.பி. வழக்கு என்று வக்கீல்கள் சொல்லும் மனுக்களில் அன்றாடம் எழும் கேள்விதான் இது. விடையைச் சட்டப் புத்தகத்தில் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 168ஆவது பிரிவு, தீர்ப்பாயம் தனக்கு நியாயமாகத் தோன்றும் இழப்பீட்டை வழங்கலாம் என்று சொல்லி முடித்துக்கொள்கிறது. நியாயம் என்றால் எத்தனை ரூபாய்? ஒரு நீதிபதிக்குப் பத்து லட்சம் நியாயமாகப் படலாம், பக்கத்து அறையில் இருப்பவருக்கு நாற்பது லட்சம் நியாயமாகப் படலாம். இருவருமே மனசாட்சிப்படிதான் முடிவெடுத்திருப்பார்கள்.

சட்டம் விட்டுவைத்த இந்த இடைவெளியை நிரப்புவது முன்தீர்ப்பு. முன்பு ஒரு வழக்கில் மேல் நீதிமன்றம் ஒரு சட்டக் கேள்விக்குச் சொன்ன விடையை, அதே கேள்வி மறுபடி எழும்போது கீழே உள்ள நீதிமன்றங்கள் கேட்டு நடக்க வேண்டும் என்பதுதான் கோட்பாடு. 'ஸ்டேர் டிசைசிஸ்' என்ற லத்தீன் பெயரில் சட்டக் கல்லூரியின் முதலாண்டிலேயே இது அறிமுகமாகிவிடும். பெயரை மனப்பாடம் செய்வதைவிட, விபத்து இழப்பீட்டுச் சட்டத்தில் 2009 முதல் 2017 வரை நடந்ததைப் பின்தொடர்ந்து பார்ப்பது பயன் தரும். முன்தீர்ப்பு எப்படி உருவாகிறது, எப்படிக் குலைகிறது, எப்படிச் சீராகிறது என்பதெல்லாம் அந்த எட்டு ஆண்டுகளுக்குள் தெரிந்துவிடும்.

கணக்கு எப்படிப் போடுகிறார்கள்?

2009 ஏப்ரலில் சரளா வர்மா எதிர் டெல்லி போக்குவரத்துக் கழகம் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. அதுவரை இழப்பீட்டைக் கணக்கிடுவதில் தீர்ப்பாயத்துக்குத் தீர்ப்பாயம் வேறுபாடு இருந்தது. உச்ச நீதிமன்றத்தின் பழைய தீர்ப்புகளே ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. அந்த அமர்வு எல்லாவற்றையும் எடுத்துவைத்து, கணக்கைப் படிப்படியாக ஒழுங்குபடுத்தியது.

முதலில் இறந்தவரின் ஆண்டு வருமானத்தை எடுக்க வேண்டும். உயிரோடு இருந்திருந்தால் அவர் தமக்காகச் செலவழித்திருக்கக்கூடிய பங்கைக் கழிக்க வேண்டும். திருமணமானவரை நம்பி இரண்டு அல்லது மூன்று பேர் இருந்தால் மூன்றில் ஒரு பங்கும், நான்கு முதல் ஆறு பேர் இருந்தால் நான்கில் ஒரு பங்கும், அதற்கு மேல் இருந்தால் ஐந்தில் ஒரு பங்கும் கழியும். மீதியை இறந்தவரின் வயதுக்கேற்ற ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். இந்த எண்ணுக்குப் பெருக்கி என்று பெயர். 26 முதல் 30 வயதுவரை பெருக்கி 17. வயது ஏற ஏற அது குறைந்து, 65 வயதைத் தாண்டியவர்களுக்கு 5 ஆகிறது.

இதுவரை சிக்கல் இல்லை. ஆனால் முப்பது வயதில் இறந்தவர் அறுபது வயதுவரை அதே 15,000 ரூபாயையா சம்பாதித்துக்கொண்டிருப்பார்? சம்பளம் உயர்ந்திருக்குமே. இதை எதிர்கால வருமான வாய்ப்பு என்கிறார்கள். நிரந்தர வேலையில் இருந்தவர் 40 வயதுக்கு உட்பட்டவரானால் வருமானத்தோடு 50 சதவீதமும், 40 முதல் 50 வயதுவரை 30 சதவீதமும் சேர்க்கலாம் என்றது சரளா வர்மா. சுயதொழில் செய்தவருக்கும், உயர்வு இல்லாத நிலையான சம்பளத்தில் இருந்தவருக்கும் பொதுவாக எதையும் சேர்க்கக் கூடாது, அரிதான விதிவிலக்கான சூழ்நிலைகளில் மட்டுமே சேர்க்கலாம் என்றது.

நம் தச்சர் சுயதொழில்காரர். ஆண்டு வருமானம் 1,80,000 ரூபாய். நம்பியிருப்பவர்கள் நான்கு பேர் என்பதால் கால் பங்கு போக 1,35,000. அதை 17ஆல் பெருக்கினால் 22,95,000 ரூபாய். 2009இல் விடை இதுதான்.

விடைகள் பெருகிய கதை

2012இல் சந்தோஷ் தேவி எதிர் நேஷனல் இன்சூரன்ஸ் வழக்கு வந்தது. இதை விசாரித்ததும் இரண்டு நீதிபதிகள் கொண்ட அமர்வுதான். விலைவாசி ஏறும்போது சுயதொழில் செய்பவரும் தம் கூலியை ஏற்றத்தானே செய்வார், அவர் வருமானம் மட்டும் ஏன் அசையாமல் நிற்கும் என்று அந்த அமர்வு கேட்டது. சுயதொழில்காரருக்கும் 30 சதவீதம் சேர்க்கலாம் என்றது. இந்த வழியில் தச்சரின் குடும்பத்துக்கு 29,83,500 ரூபாய் கிடைக்கும்.

2013 ஏப்ரல் 2ஆம் தேதி ரேஷ்மா குமாரி எதிர் மதன் மோகன் வழக்கில் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. சரளா வர்மா தீர்ப்பை அது ஆராய்ந்து, எதிர்கால வருமானம் பற்றிய பகுதி உட்பட அதை ஏற்றுக்கொண்டது. தீர்ப்பாயங்கள் அதையே பின்பற்ற வேண்டும் என்றும் சொன்னது. தச்சரின் குடும்பம் மறுபடி 22,95,000 ரூபாய்க்கு இறங்கியது.

பத்தே நாளில், ஏப்ரல் 12ஆம் தேதி, ராஜேஷ் எதிர் ராஜ்பீர் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் கொண்ட இன்னோர் அமர்வு தீர்ப்புச் சொன்னது. சந்தோஷ் தேவி காட்டிய வழியை விரித்து, சுயதொழில்காரருக்கும் நிரந்தர ஊழியரைப் போலவே 40 வயதுக்குள் 50 சதவீதம் சேர்க்க வேண்டும் என்றது. ரேஷ்மா குமாரி தீர்ப்பை இந்த அமர்வு கவனத்தில் எடுத்துக்கொள்ளவில்லை. இதன்படி கணக்கிட்டால் 34,42,500 ரூபாய்.

இப்போது குடும்பத்தின் வக்கீல் ராஜேஷ் தீர்ப்பை நீட்டுவார், காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் ரேஷ்மா குமாரியை நீட்டுவார். இரண்டும் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள், இரண்டிலும் மூன்று நீதிபதிகள். எதை எடுப்பது என்பதில் வேறுபாடு 11,47,500 ரூபாய். கணவனை இழந்த ஒரு பெண் தன் பிள்ளைகளைப் படிக்கவைப்பதும் வைக்காததும் அந்தத் தொகையில் இருக்கிறது.

முன்தீர்ப்பு ஏன் வேண்டும் என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை கிடைக்காது. ஒரே வயது, ஒரே வருமானம், ஒரே அளவு குடும்பம் என்று இருக்கும் இருவர் இரண்டு ஊர்த் தீர்ப்பாயங்களுக்குப் போனால் ஒரே அளவுகோல்தான் கிடைக்க வேண்டும். எந்த நீதிபதியின் முன்னால் மனு பட்டியலாகிறது என்பதைப் பொறுத்து உரிமை மாறினால் அது சட்டமே அல்ல. தொகை முன்கூட்டியே ஓரளவு தெரிந்தால்தான் இரு தரப்பும் சமரசத்துக்கு வர முடியும். தெரியாதபோது ஒவ்வொரு வழக்கும் மேல்முறையீட்டுக்குப் போகும், குடும்பம் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும்.

யார் சொன்னால் யாரைக் கட்டுப்படுத்தும்?

இந்தியாவில் முன்தீர்ப்புக்கு அரசியலமைப்பிலேயே இடம் உண்டு. உச்ச நீதிமன்றம் அறிவிக்கும் சட்டம் இந்திய ஆட்சிப்பகுதியில் உள்ள எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் என்கிறது 141ஆவது கூறு. ஓர் உயர் நீதிமன்றம் அறிவிக்கும் சட்டம் அதன் எல்லைக்குள் உள்ள கீழமை நீதிமன்றங்களையும் தீர்ப்பாயங்களையும் கட்டுப்படுத்தும். சென்னை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு மதுரையிலுள்ள தீர்ப்பாயத்தைக் கட்டுப்படுத்தும். கேரள உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பை மதுரையில் எடுத்துக் காட்டலாம், அதன் காரணங்கள் நீதிபதியை இணங்கவைக்கலாம், ஆனால் கட்டாயப்படுத்தாது.

உச்ச நீதிமன்றம் தன் பழைய தீர்ப்புக்குத் தானே கட்டுப்பட்டதா? 1955இல் பெங்கால் இம்யூனிட்டி வழக்கில் இந்தக் கேள்வி எழுந்தது. 141ஆவது கூறு சொல்லும் 'எல்லா நீதிமன்றங்கள்' என்பதில் உச்ச நீதிமன்றம் அடங்காது, தவறு என்று தெரிந்தால் அது தன் பழைய முடிவிலிருந்து விலகலாம் என்பது அங்கு வந்த விடை. இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1898இல் தன் தீர்ப்புக்குத் தானே கட்டுப்பட்டதாக அறிவித்து, 1966 வரை அந்த நிலையிலேயே இருந்தது. நம் நீதிமன்றம் தொடக்கத்திலேயே அந்த இறுக்கத்தைத் தவிர்த்துவிட்டது.

ஆனால் உச்ச நீதிமன்றம் விலகலாம் என்றால், அங்குள்ள எந்த இரண்டு நீதிபதிகளும் விலகலாம் என்று பொருளா? நம் உச்ச நீதிமன்றம் முப்பதுக்கு மேற்பட்ட நீதிபதிகளைக் கொண்டது. அவர்கள் ஒன்றாக உட்கார்ந்து விசாரிப்பதில்லை, இருவராகவும் மூவராகவும் பிரிந்து ஒரே நாளில் பல அறைகளில் விசாரிக்கிறார்கள். ஒவ்வோர் அமர்வும் தனக்குச் சரியென்று பட்டதைச் சட்டமாக அறிவித்தால், ஒரு கட்டிடத்துக்குள் பல உச்ச நீதிமன்றங்கள் உருவாகிவிடும். அதனால்தான் நீதிபதிகளின் எண்ணிக்கை இங்கு அத்தனை முக்கியம்.

2004இல் தாவூதி போரா சமூகத்தின் மத்திய வாரியம் தொடுத்த வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு இந்த ஒழுங்கைத் தெளிவாக எடுத்துரைத்தது. பெரிய அமர்வு அறிவித்த சட்டம் சிறிய அமர்வைக் கட்டுப்படுத்தும். சம எண்ணிக்கை கொண்ட இன்னோர் அமர்வையும் அது கட்டுப்படுத்தும். சிறிய அமர்வுக்கு மனம் ஒப்பவில்லை என்றால், தன் ஐயத்தைத் தலைமை நீதிபதியின் பார்வைக்கு வைத்துப் பெரிய அமர்வைக் கேட்கலாம். சம அமர்வும் முந்தைய தீர்ப்பின் சரித்தன்மையில் ஐயம் தெரிவித்துப் பெரிய அமர்வுக்கு அனுப்பலாம். இரண்டாலும் முந்தைய தீர்ப்புக்கு மாறாகத் தீர்ப்பெழுத முடியாது.

இந்த அளவுகோலை நம் வரிசையில் வைத்துப் பாருங்கள். சரளா வர்மாவில் இருவர், பின்னால் வந்த சந்தோஷ் தேவியிலும் இருவர். கருத்து மாறுபட்டபோது சந்தோஷ் தேவி அமர்வு விஷயத்தைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியிருக்க வேண்டும். ரேஷ்மா குமாரியில் மூவர், ராஜேஷிலும் மூவர். முந்தையது பத்து நாள் மூத்தது. ராஜேஷ் அமர்வு அதற்குக் கட்டுப்பட்டது.

கட்டுப்படுத்தும் முன்தீர்ப்பையோ சட்டப் பிரிவையோ கவனிக்காமல் எழுதப்பட்ட தீர்ப்பை 'பெர் இன்க்யூரியம்' என்கிறார்கள். அப்படிப்பட்ட தீர்ப்பு அந்த வழக்கின் தரப்பினருக்குச் செல்லும், ஆனால் அடுத்தவர் வழக்குக்கு முன்தீர்ப்பாக நிற்காது. சம அமர்வுகள் இரண்டு முரண்பட்டால் முந்தையதே நிற்கும் என்று சந்தீப் குமார் பாஃப்னா வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னதற்கும் இதுதான் அடிப்படை. புதிய தீர்ப்பு பழையதை வெல்லும் என்று முதலாண்டு மாணவர் நினைப்பது இயல்பு. புதிய சட்டத்துக்கும் பழைய சட்டத்துக்கும் இடையே பெரும்பாலும் அது சரி. சம அமர்வுத் தீர்ப்புகளுக்கு இடையே நிலைமை தலைகீழ்.

தீர்ப்பின் எந்தப் பகுதி கட்டுப்படுத்துகிறது?

ஒரு தீர்ப்பு அறுபது பக்கம் இருக்கலாம். அத்தனையும் முன்தீர்ப்பு ஆகாது. அந்த வழக்கின் உண்மைகளுக்கு மேல் முடிவுக்கு வருவதற்கு எந்தச் சட்டக் கொள்கை இன்றியமையாததாக இருந்ததோ அதுவே கட்டுப்படுத்தும் பகுதி. இதற்கு 'ரேஷியோ டெசிடெண்டை' என்று பெயர். வழியில் நீதிபதி சொல்லிச் செல்லும் மற்றக் கருத்துகள் 'ஓபிட்டர் டிக்டா'. அவற்றுக்கு மதிப்பு உண்டு, உச்ச நீதிமன்றத்திலிருந்து வந்தால் மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் முடிவைத் தாங்கும் தூண் அவை அல்ல.

இரண்டையும் பிரிப்பதற்கு ஒரு சோதனை உண்டு. தீர்ப்பில் உள்ள ஒரு கூற்றை எடுத்து, அதை நீக்கிவிட்டால் அந்த வழக்கின் முடிவு மாறுமா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். மாறினால் அது பெரும்பாலும் ரேஷியோ, மாறாவிட்டால் ஓபிட்டர்.

சரளா வர்மா வழக்கில் இறந்தவர் 38 வயதான விஞ்ஞானி, நிரந்தர வேலையில் இருந்தவர். அவர் குடும்பத்துக்குத் தொகை நிர்ணயிக்க, நிரந்தர ஊழியரின் எதிர்கால வருமானத்தைப் பற்றிய விதி தேவைப்பட்டது. சுயதொழில்காரரைப் பற்றிய வரி தேவைப்படவில்லை. அதை நீக்கினாலும் அந்தக் குடும்பத்தின் தொகை ஒரு ரூபாயும் மாறியிருக்காது. ஆகவே கறாராகப் பார்த்தால் அந்த வரி ரேஷியோ அல்ல என்று 2012இல் ஒரு வக்கீல் வாதிட்டிருக்கலாம். ஆனால் ரேஷ்மா குமாரியில் மூவர் அமர்வு எதிர்கால வருமானம் பற்றிய முழுப் பகுதியையும் எடுத்து ஆராய்ந்து, இனி இதையே பின்பற்றுங்கள் என்று வழிகாட்டிய பிறகு அந்த வாதத்துக்கு வலு குறைந்துவிட்டது. ஒரு தீர்ப்பில் வரும் வரியின் கனம், பின்னால் வரும் அமர்வு அதை எப்படி எடுத்துக்கொள்கிறது என்பதையும் பொறுத்தது.

முன்தீர்ப்பு கட்டுப்படுத்தாத ஒன்றும் உண்டு. ஒரு வழக்கில் லாரி ஓட்டுநர்மீது தவறு என்று நீதிமன்றம் கண்டால், அது அந்த லாரியையும் அந்தச் சாலையையும் அந்தச் சாட்சிகளையும் பற்றிய முடிவு. வேறு வழக்கில் வேறு ஓட்டுநர்மீது தவறு உண்டா என்பதற்கு அது முன்தீர்ப்பு ஆகாது. தச்சர் மாதம் 15,000 சம்பாதித்தாரா என்பதும் அப்படித்தான். அதைச் சாட்சியத்தால் நிறுவ வேண்டும், பழைய தீர்ப்பால் நிறுவ முடியாது.

சரியான வாசல் வழியாக வந்த மாற்றம்

2014இல் நேஷனல் இன்சூரன்ஸ் எதிர் புஷ்பா வழக்கில் இரண்டு நீதிபதிகள் கொண்ட அமர்வு, ரேஷ்மா குமாரிக்கும் ராஜேஷுக்கும் உள்ள முரணைக் கவனித்தது. தனக்குப் பிடித்த ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல், பெரிய அமர்வு முடிவு செய்யட்டும் என்று அனுப்பியது. ஒழுங்கு சொல்லும் வழி அதுவே.

2017 அக்டோபர் 31ஆம் தேதி, நேஷனல் இன்சூரன்ஸ் எதிர் பிரணய் சேத்தி வழக்கில் தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா தலைமையில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. முதலில் ஒழுங்கைச் சரிசெய்தது. சரளா வர்மாவுக்குச் சம அமர்வான சந்தோஷ் தேவி மாறுபட்டிருக்கக் கூடாது, ரேஷ்மா குமாரியைக் கவனிக்காத ராஜேஷ் கட்டுப்படுத்தும் முன்தீர்ப்பு அல்ல என்று அறிவித்தது.

இத்தோடு நின்றிருந்தால் தச்சரின் குடும்பம் 22,95,000 ரூபாயில் நின்றிருக்கும். ஐவர் அமர்வுக்கு மூவர் அமர்வின் விதியையே மாற்றும் அதிகாரம் உண்டு. அதை அது பயன்படுத்தியது. சுயதொழில்காரரின் வருமானம் உயராமல் அப்படியே நிற்கும் என்று கருதுவது வாழ்க்கையின் நடைமுறைக்குப் பொருந்தாது, விலைவாசியோடு அவரும் நகர்ந்தாக வேண்டும் என்று ஏற்றுக்கொண்டது. அதே சமயம், நிரந்தர ஊழியருக்கு இருக்கும் உறுதி அவருக்கு இல்லை என்பதையும் கணக்கில் எடுத்தது. ஆகவே நிரந்தர ஊழியருக்கு வயதுக்கேற்ப 50, 30, 15 சதவீதம் என்றும், சுயதொழில்காரருக்கும் நிலையான சம்பளக்காரருக்கும் 40, 25, 10 சதவீதம் என்றும் நிர்ணயித்தது. 40 வயதுக்கு உட்பட்டோர், 40 முதல் 50 வரை, 50 முதல் 60 வரை என்பவை அந்த மூன்று வயதுப் பிரிவுகள்.

தச்சரின் 15,000 ரூபாயோடு 40 சதவீதம் சேர்ந்தால் மாதம் 21,000. ஆண்டுக்கு 2,52,000. கால் பங்கு கழித்தால் 1,89,000. 17ஆல் பெருக்கினால் 32,13,000 ரூபாய். இதுவே இன்றைய அளவுகோல்.

இந்த முடிவை ராஜேஷ் தீர்ப்பு தந்த தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பெரிய தூரம் இல்லை. சுயதொழில்காரருக்கு நீதி வேண்டும் என்று சந்தோஷ் தேவியும் ராஜேஷும் உணர்ந்தது சரியே. ஆனால் தங்களுக்கு இல்லாத அதிகாரத்தால் விதியை மாற்ற முயன்றதால் நான்கரை ஆண்டு குழப்பம் விளைந்தது. அதே நியாயத்தை அதிகாரம் உள்ள அமர்வு சொன்னபோது அது நாடு முழுவதற்கும் ஒரே விதியானது. முன்தீர்ப்புக் கோட்பாடு சட்டத்தை உறையவைக்கிறது என்பது பலர் சொல்லும் குற்றச்சாட்டு. மாற்றத்தை யார், எந்த எண்ணிக்கையில் அமர்ந்து, எந்தக் காரணத்தைச் சொல்லிச் செய்யலாம் என்பதை வரையறுப்பதே அதன் வேலை என்று நான் கருதுகிறேன். மாற்றத்துக்கு அது தடை அல்ல.

தீர்ப்புக்குப் பின்னும் கதை முடிவதில்லை

பெரிய அமர்வு ஒரு விதியைச் சொன்னதும் வக்கீல்கள் அதன் ஓரங்களைத் தட்டிப்பார்ப்பார்கள். பிரணய் சேத்தி வந்த மறுமாதமே ஹேம் ராஜ் எதிர் ஓரியண்டல் இன்சூரன்ஸ் வழக்கில் ஒரு வாதம் எழுந்தது. வருமானத்துக்கு ஆதாரம் இருந்தால்தானே 40 சதவீதம், ஆதாரமின்றி நீதிமன்றமே உத்தேசமாக ஒரு தொகையை வைக்கும்போது அந்தச் சேர்க்கை பொருந்தாதே என்று கேட்டது காப்பீட்டுத் தரப்பு. இதைத் தீர்ப்பை வேறுபடுத்திக் காட்டுதல் என்பார்கள். முன்தீர்ப்பு தவறு என்று சொல்லாமல், அதன் உண்மைகள் வேறு, என் வழக்கின் உண்மைகள் வேறு, ஆகவே அது எனக்குப் பொருந்தாது என்று வாதிடும் உத்தி. கீழ் நீதிமன்றத்திலும் செல்லுபடியாகும் உத்தி இது. ஆனால் காட்டும் வேறுபாடு விதியின் காரணத்தைத் தொட வேண்டும். உத்தேச வருமானக்காரரையும் விலைவாசி தொடத்தானே செய்கிறது? உச்ச நீதிமன்றம் அந்த வேறுபாட்டை ஏற்கவில்லை.

இன்னொரு புறம், விதியை உடைக்காமலே விரிக்கவும் முடியும். துணையை இழந்ததற்காக 40,000 ரூபாய் தர வேண்டும், அது மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பத்து சதவீதம் உயர வேண்டும் என்று பிரணய் சேத்தி சொல்லியிருந்தது. 2018இல் மேக்மா ஜெனரல் இன்சூரன்ஸ் எதிர் நானு ராம் வழக்கில் இருவர் அமர்வு, உறவின் இழப்பு மனைவிக்கு மட்டும் உரியதல்ல, பெற்றோரை இழந்த பிள்ளைக்கும் பிள்ளையை இழந்த பெற்றோருக்கும் அது உண்டு என்று விளக்கியது. தொகையை அது மாற்றவில்லை, அந்தத் தலைப்புக்குள் யார் வருவார்கள் என்பதை விளக்கியது. 2020இல் யுனைடெட் இந்தியா எதிர் சதீந்தர் கவுர் வழக்கில் மூவர் அமர்வு அந்த விளக்கத்தை ஏற்றது. நம் தச்சரின் குடும்பத்தில் மனைவி, இரு பிள்ளைகள், தாய் என நால்வருக்கும் தனித்தனியே அந்தத் தொகை வரும்.

விதி மாறினால், முடிந்துபோன வழக்குகள் என்னாகும்? மேல்முறையீட்டில் நிலுவையில் இருக்கும் வழக்குகளுக்குப் புதிய விதி பொருந்தும். மேல்முறையீடு இல்லாமல் இறுதியாகிவிட்ட தீர்ப்பை, பின்னால் சட்டம் மாறிவிட்டது என்ற காரணத்துக்காக மறுஆய்வு செய்ய முடியாது என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டம். சிலருக்கு இது கசப்பாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு புதிய தீர்ப்போடும் பழைய வழக்குகள் எல்லாம் திறந்துகொண்டால் எந்த வழக்கும் முடியாது.

முதலாண்டு மாணவருக்கு

ஒரு சைட்டேஷனைக் கையில் எடுத்ததும் அதில் உள்ள அழகான வாக்கியத்தைத் தேடி அடிக்கோடிடாதீர்கள். முதலில் எந்த நீதிமன்றம், எத்தனை நீதிபதிகள், என்ன தேதி என்று மூன்றையும் ஓரத்தில் எழுதுங்கள். வழக்கின் உண்மைகளை நான்கு வரியில் சுருக்குங்கள். எந்தச் சட்டக் கேள்வி எழுந்தது, எந்தக் காரணத்தால் அந்த விடை வந்தது என்று எழுதிப் பாருங்கள். பிறகு, அதே கேள்வியில் அதற்கு முன் சம அமர்வோ பெரிய அமர்வோ பேசியிருக்கிறதா, பின்னால் யாராவது அதை ஏற்றோ மறுத்தோ இருக்கிறார்களா என்று தேடுங்கள். இந்தக் கடைசித் தேடலைத் தவிர்த்தால் நீங்கள் நீட்டும் தீர்ப்பு, 2017க்குப் பிறகு ராஜேஷை நீட்டுவதுபோல் ஆகிவிடும்.

உங்களுக்கு எதிரான முன்தீர்ப்பு கிடைத்தால் அதை மறைக்காதீர்கள். வேறுபடுத்திக் காட்ட முடியுமா என்று பாருங்கள், முடியாவிட்டால் பெரிய அமர்வுக்கு அனுப்பும்படி கேளுங்கள். நீதிமன்றத்திடமிருந்து ஒரு முன்தீர்ப்பை மறைத்து ஒரு கட்சிக்காரரின் வழக்கை வெல்லலாம். அதன் விலையை, அடுத்த ஊரில் அதே துயரத்தோடு அதே கேள்விக்காகக் காத்திருக்கும் குடும்பம் கொடுக்கும்.